பேச்சுத் தமிழ்ல வந்த மெசேஜை அரசு அலுவலக மனுவாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ல இருந்து வந்த வாட்ஸ்அப் மெசேஜை வார்த்தைக்கு வார்த்தை எழுத்துத் தமிழா மாத்தினா மனு ரெடி தானே?

ஆகாது. "வந்தாங்க" என்பதை "வந்தார்கள்" என்றும் "இருக்கு" என்பதை "இருக்கிறது" என்றும் மாற்றுவது பத்து நிமிட வேலை. மாற்றிய பிறகு பார்த்தால் இலக்கணம் சரியாக இருக்கும், ஆனால் யார் செய்தார், எப்போது, இது நேரில் பார்த்ததா, காதில் விழுந்ததா என்பதெல்லாம் காணாமல் போயிருக்கும். பேசும்போது இதையெல்லாம் குரலும் சூழலும் சொல்லிவிடும், எதிரில் இருப்பவருக்கும் பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். மனுவைப் படிக்கிற அலுவலருக்கு அந்தத் தெருவே தெரியாது.

ஒரே மெசேஜை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகலாம். ஒரு அத்தை தன் அண்ணன் மகனுக்கு 2025 ஜூலையில் அனுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"தம்பி, நம்ம தெருவுல ஒரு மாசமாவே தண்ணி சரியா வரல. டேங்க்குல இருந்து வர்ற பைப்பு ஸ்கூல் முக்குல ஒடஞ்சு கெடக்கு, தண்ணி பூரா சாக்கடையில போவுது. போன மாசம் போய் சொன்னோம், பாக்குறேன்னாங்க. ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போனாரு, அதோட சரி. மோட்டாரும் ரிப்பேராம். தெக்குத் தெருவுக்கு மட்டும் வால்வைத் தொறந்து வுடுறாங்க. அந்தத் தண்ணியக் குடிச்சு புள்ளைங்களுக்கு வயித்தால போவுது. ஒரு மனு எழுதிக் குடு."

எட்டு வாக்கியம்தான். இதை மனுவாக்க வேண்டுமென்றால் அத்தைக்கு ஒரு போன் போட்டே ஆக வேண்டும்.

"பாக்குறேன்னாங்க", "தொறந்து வுடுறாங்க" இதுல யாரைப் போட்டு எழுதுறது?

இந்த வேலையில் பெரும்பாலான சறுக்கல் இங்கேதான். பேச்சில் "ஆங்க" என்கிற விகுதி மூன்று வேலை பார்க்கிறது. மரியாதைக்குரிய ஒரே ஒரு ஆளுக்கும் "சொன்னாங்க"தான், பத்துப் பேருக்கும் "சொன்னாங்க"தான், யாரென்றே தெரியாத, தெரியத் தேவையில்லாத "யாரோ" செய்ததற்கும் அதேதான். எல்லாவற்றையும் "சொன்னார்கள்" என்று மாற்றினால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கூட்டமே உட்கார்ந்து பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அதனால் ஒவ்வொரு "ஆங்க"வுக்கும் அத்தையிடம் "யாரு அத்தை?" என்று கேளுங்கள். "பாக்குறேன்னாங்க" என்றால் யார்? "செயலர்தான்" என்கிறார். அப்படியானால் அது ஒரே ஆள். "ஊராட்சிச் செயலரிடம் நேரில் தெரிவித்தோம். சரிசெய்வதாக அவர் கூறினார்" என்று பதவியோடு எழுத வேண்டும். பெயர் வேண்டாம், பதவி போதும். ஆள் மாறினாலும் பதவிக்குப் பொறுப்பு உண்டு.

"வால்வைத் தொறந்து வுடுறாங்க" வேறு ரகம். யார் திறக்கிறார் என்று அத்தை பார்க்கவில்லை, தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது என்பது மட்டும் தெரியும். இங்கே செயப்பாட்டு வினையைப் பயன்படுத்துங்கள்: "தெற்குத் தெருவுக்குக் குடிநீர் வழக்கம்போல் வழங்கப்படுகிறது." பாரபட்சம் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, ஆனாலும் படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். அதைவிட முக்கியம், தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, கோளாறு உங்கள் தெருவுக்கு வரும் வழியில்தான் என்பதும் அந்த ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

சரி, இப்படியே எல்லா இடத்திலும் "ப்பட்டது", "ப்படுகிறது" என்று போட்டுக்கொண்டே போகலாமா? கூடாது. "புகார் தெரிவிக்கப்பட்டது, பார்வையிடப்பட்டது, உறுதியளிக்கப்பட்டது" என்று எழுதினால் யாரிடம் சொன்னீர்கள் என்பதே மறைந்துவிடும், அந்த வசதியை நாமே அலுவலகத்துக்குச் செய்து கொடுத்த மாதிரி ஆகும். நீங்கள் செய்ததைச் செய்வினையில் எழுதுங்கள். உங்களிடம் பதில் சொன்னவரைப் பதவியோடு எழுதுங்கள். செய்தவர் உறுதியாகத் தெரியாத இடத்தில் மட்டும் செயப்பாட்டு வினை.

"மோட்டாரும் ரிப்பேராம்"னு இருக்கு. கேள்விப்பட்டதை மனுவுல எழுதலாமா?

எழுதலாம், ஆனால் கேள்விப்பட்டது என்று தெரிகிற மாதிரி. "ரிப்பேரு" என்பதற்கும் "ரிப்பேராம்" என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த "ஆம்", "நான் பார்க்கலை, சொன்னாங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. மனுவில் "மின்மோட்டார் பழுதடைந்துள்ளது" என்று எழுதினால் அந்த நேர்மை போய்விடுகிறது. அலுவலர் விசாரிக்கச் சொல்லி, மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று அறிக்கை வந்தால், உண்மையான குழாய் உடைப்பையும் சேர்த்து "புகாரில் உண்மை இல்லை" என்று மூடிவிட வழி கிடைத்துவிடும்.

எழுத்துத் தமிழில் இதற்கு நல்ல வாக்கிய அமைப்பு இருக்கிறது: "மின்மோட்டாரும் பழுதடைந்துள்ளதாகத் தெரியவருகிறது." சொன்னவர் யார் என்று தெரிந்தால் இன்னும் நல்லது: "மின்மோட்டாரும் பழுதடைந்துள்ளதாகத் தொட்டி இயக்குபவர் தெரிவித்தார்." அது வெறும் தெருப்பேச்சு என்றால் அந்த வரியே வேண்டாம், விட்டுவிடுங்கள். நம் அத்தையைக் கேட்டால் "பக்கத்து வீட்டுல பேசிக்கிட்டாங்க" என்கிறார். தெற்குத் தெருவுக்குத் தண்ணீர் ஏறுகிறதே, மோட்டார் ஓடாமல் எப்படி? எடுத்துவிடலாம்.

"புள்ளைங்களுக்கு வயித்தால போவுது" என்பதிலும் இதே கவனம் வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ணால் பார்த்தது. அந்தத் தண்ணீரால்தான் என்பது நம் ஊகம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் முடிச்சுப் போடாமல் பிரித்து எழுதுங்கள். ஊகத்துக்கு நல்ல காரணமும் இருக்கிறது: தண்ணீர் நிறுத்தப்படும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறையும், அப்போது உடைப்பு வழியாகச் சாக்கடை நீர் உள்ளே போக வாய்ப்புண்டு. அதனால் "தண்ணீரைப் பரிசோதியுங்கள்" என்று கேட்பது நியாயமான கோரிக்கை. "இந்தத் தண்ணீரால்தான் நோய் வந்தது" என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

"ஒரு மாசமா", "போன மாசம்"னுதான் சொல்றாங்க. தேதிக்கு எங்க போறது?

மனு எந்த மாதத்தில் படிக்கப்படும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒருவர் எடுத்துப் படித்தால் "போன மாதம்" என்பது ஜூலையாகிவிடும். எனவே கணக்குத் தொடங்கும் நாள் வேண்டும்.

வெறுமனே "என்ன தேதி?" என்று கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. "அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் வரும். "ஸ்கூல் தொறந்தன்னைக்கு புள்ளைங்களக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல" என்கிறார் அத்தை. 2025இல் தமிழ்நாட்டில் பள்ளிகள் ஜூன் 2ஆம் தேதி திறந்தன, ஆக அதுதான் தொடக்கம். வீட்டில் யாராவது உடைப்பைப் போட்டோ எடுத்திருந்தால் கைபேசியிலேயே எடுத்த தேதி இருக்கும். "நாளைக்குச் செயலரைப் பார்க்கப் போறோம்" என்று குடும்பக் குழுவில் யாராவது போட்டிருப்பார்கள், அதிலும் தேதி கிடைக்கும். எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லையென்றால் "ஜூன் இரண்டாம் வாரத்தில்" என்று எழுதுங்கள், தேதியைக் கற்பனை செய்து போடாதீர்கள்.

"தண்ணி வரல" அப்படிங்கிறதை "தண்ணீர் வரவில்லை"னு எழுதினேன். இதுல என்ன தப்பு?

பேச்சில் "வரல" என்பது இன்றைக்கு வரவில்லை என்பதற்கும் வருகிறது, எப்போதும்போல் வருவதில்லை என்பதற்கும் வரும். எழுத்தில் "வரவில்லை" வேறு, "வருவதில்லை" வேறு. "ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை" என்று எழுதினால் ஒரு சொட்டுகூட வரவில்லை என்று பொருள். விசாரணைக்கு வருகிறவர் ஒரு வீட்டில் அரைக்குடம் தண்ணீரைப் பார்த்தால் உங்கள் மனு பொய்.

அத்தை "சரியா" என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார், அதைத்தான் விரித்து எழுத வேண்டும். "சரியா வரலன்னா எப்படி?" என்று கேட்டதும் கொட்டுகிறார்: முன்னாடி தினமும் காலையில் ஒரு மணி நேரம் வரும், இப்போ மூணு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அரை மணி நேரம், நூல் மாதிரி. இதை எழுதினால் யாரும் மறுக்க முடியாது: "முன்பு நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் வந்த குடிநீர், தற்போது மூன்று நாள்களுக்கு ஒரு முறை அரை மணி நேரம் மட்டுமே, அதுவும் குறைந்த அழுத்தத்தில் வருகிறது."

கோபமா பேசியிருக்காங்க. அந்தக் கோபம் மனுவுல தெரிய வேண்டாமா?

தெரியட்டும், ஆனால் அதை வினைச்சொல்லில் ஏற்றாதீர்கள். பேச்சுத் தமிழில் கோபம் பெரும்பாலும் துணைவினையில் உட்கார்ந்திருக்கும்: ஒடஞ்சு கெடக்கு, கெடுத்துத் தொலச்சாங்க, மனு எழுதித் தள்ளியாச்சு. "கிடக்கிறது" என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் மனுவில் அது வசவு மாதிரி ஒலிக்கும். அதே சமயம் வெறும் "உடைந்துள்ளது" என்று மட்டும் போட்டால் அத்தை சொல்ல வந்த "யாரும் சீண்டவே இல்லை" என்பது போய்விடுகிறது. அதைத் தகவலாக மாற்றுங்கள்: "குழாய் உடைந்துள்ளது. இதுவரை சரிசெய்யப்படவில்லை." "எழுதித் தள்ளியாச்சு" என்றால் எத்தனை மனு, எந்தெந்தத் தேதி. "அதோட சரி" என்பதும் இப்படித்தான், "அதன் பிறகு எந்த நடவடிக்கையும் இல்லை" என்றால் கோபம் குறையாமல் வந்து உட்காரும்.

நம்ம தெருன்னு எழுதவா, எங்கள் தெருன்னு எழுதவா?

"எங்கள் தெரு." அத்தை தம்பியிடம் பேசும்போது தம்பியையும் சேர்த்து "நம்ம" என்றார். அலுவலர் அந்தத் தெருக்காரர் இல்லை. அப்புறம், ஒருவர் கையெழுத்திட்டால் "நான்… கேட்டுக்கொள்கிறேன்", பலர் கையெழுத்திட்டால் "நாங்கள்… கேட்டுக்கொள்கிறோம்". நடுவில் மாற்றாதீர்கள்.

பைப், டேங்க், மோட்டார் எல்லாத்தையும் தூய தமிழாக்கணுமா?

அலுவலகக் கோப்பில் என்ன சொல் புழங்குகிறதோ அதுதான் வேண்டும். டேங்க் என்பது "மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி", பைப் "குழாய்", போர் "ஆழ்துளைக் கிணறு", மோட்டார் "மின்மோட்டார்", சாக்கடை "கழிவுநீர் வாய்க்கால்". வால்வு என்பதை வால்வு என்றே எழுதலாம், எல்லாருக்கும் புரியும். அகராதியைத் தோண்டி ஒரு சொல்லைக் கொண்டுவந்து போட்டால் படிக்கிறவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். பதவிப் பெயர்களில் மட்டும் கறாராக இருங்கள்: பி.டி.ஓ. என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர், தாசில்தார் என்பவர் வட்டாட்சியர், வி.ஏ.ஓ. என்பவர் கிராம நிர்வாக அலுவலர், கலெக்டர் என்பவர் மாவட்ட ஆட்சித் தலைவர்.

ஊர் வழக்குச் சொல்லில்தான் ஏமாந்துவிடுவோம். "முக்கு" என்றால் மூலை, இது சுலபம். "கொல்லை" என்றால் சில பக்கம் வீட்டின் பின்புறம், சில பக்கம் புன்செய் நிலம். குழாய் "கொல்லையில்" உடைந்திருக்கிறது என்று வந்தால் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

முழு மனுவையும் ஒரு தடவை எழுதிக் காட்டுங்க.

போன் பேசிக் கிடைத்த விவரங்களையும் சேர்த்து இப்படி வரும். புள்ளியிட்ட இடங்களில் உங்கள் விவரம்.

அனுப்புநர்
…… மற்றும் வடக்குத் தெரு பொதுமக்கள்,
வடக்குத் தெரு, …… ஊராட்சி,
…… ஒன்றியம், …… மாவட்டம்.
கைபேசி: ……

பெறுநர்
வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி),
ஊராட்சி ஒன்றிய அலுவலகம், ……

பொருள்: குடிநீர் – …… ஊராட்சி, வடக்குத் தெரு – உடைந்த குழாயைச் சரிசெய்து சீரான குடிநீர் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் தெருவில் 42 வீடுகள் உள்ளன. முன்பு நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் வந்த குடிநீர், 02.06.2025 முதல் மூன்று நாள்களுக்கு ஒரு முறை அரை மணி நேரம் மட்டுமே, அதுவும் குறைந்த அழுத்தத்தில் வருகிறது. தெற்குத் தெருவுக்குக் குடிநீர் வழக்கம்போல் வழங்கப்படுகிறது.

மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் குழாய், தொடக்கப் பள்ளியின் வடக்கு மூலையில் உடைந்துள்ளது. வெளியேறும் நீர் அருகிலுள்ள கழிவுநீர் வாய்க்காலில் கலக்கிறது.

இது குறித்து 11.06.2025 அன்று ஊராட்சிச் செயலரிடம் நேரில் தெரிவித்தோம். சரிசெய்வதாக அவர் கூறினார். 14.06.2025 அன்று பணியாளர் ஒருவர் வந்து உடைப்பைப் பார்வையிட்டார். அதன் பிறகு எந்த நடவடிக்கையும் இல்லை.

2025 ஜூன் கடைசி வாரத்திலிருந்து எங்கள் தெருவில் நான்கு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுள்ளது. உடைந்த இடத்தின் வழியாகக் கழிவுநீர் குழாய்க்குள் புகுந்திருக்கலாம் என அஞ்சுகிறோம்.

எனவே, உடைந்த குழாயைச் சரிசெய்து முன்புபோல் நாள்தோறும் குடிநீர் கிடைக்க நடவடிக்கை எடுக்குமாறும், குடிநீரின் தரத்தைப் பரிசோதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
(கையொப்பங்கள்)

இடம்: ……
நாள்: 07.07.2025

இணைப்பு: குழாய் உடைப்பின் புகைப்படங்கள் – 2

"பார்வை"ன்னு ஒரு வரி வருமே, அது எங்கே?

முன்பு எழுத்தில் கொடுத்த மனுவோ அலுவலகத்திலிருந்து வந்த கடிதமோ இருந்தால்தான் அது வேண்டும். இவர்கள் வாயால்தான் சொன்னார்கள், அதனால் இல்லை. இந்த மனுவுக்கும் பதில் வராமல் இரண்டாவது மனு கொடுக்க நேர்ந்தால், அப்போது "பார்வை: எங்களது 07.07.2025 நாளிட்ட மனு" என்று பொருளுக்குக் கீழே எழுத வேண்டும்.

"தங்கள் சமூகத்திற்கு", "பணிவான வேண்டுகோள்", "தாழ்மையுடன்" இதெல்லாம் போட்டாதானே மரியாதை?

இது கடன் தள்ளுபடி இல்லை, குடிநீர். வணக்கம் ஒன்று, கடைசியில் "கேட்டுக்கொள்கிறோம்" ஒன்று, போதும். என் கருத்தில் தாழ்மைச் சொற்களால் வருகிற பெரிய நஷ்டம் இடம்தான். முதல் பத்தி முழுக்க மரியாதையிலேயே போய்விட்டால் குழாய் உடைந்த இடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. பேச்சில் வரும் "தரணும்", "பண்ணிக் குடுக்கணும்" என்பவற்றை "தர வேண்டும்" என்று மாற்றினால் கட்டளை மாதிரி இருக்கும். "தருமாறு", "எடுக்குமாறு" என்ற வடிவத்திலேயே வேண்டிய பணிவு இருக்கிறது.

ஒற்றுப் பிழை இருந்தா மனுவைத் திருப்பிடுவாங்களா?

மாட்டார்கள். ஆனாலும் இரண்டை மட்டும் பார்த்துவிட்டால் பாதிப் பிழை போய்விடும். "ஐ", "கு" என்ற வேற்றுமை உருபில் முடிகிற சொல்லுக்குப் பின் க, ச, த, ப வரிசை வந்தால் ஒற்று வரும்: குழாயைச் சரிசெய்து, உடைப்பைப் பார்வையிட்டார், தெருவுக்குக் குடிநீர். "செய்து தர", "வந்து பார்த்தார்" போன்ற இடங்களில் வராது, பழக்கதோஷத்தில் அங்கேயும் போட்டுவிடாதீர்கள்.

ஒற்றைவிடக் கண்ணை உறுத்துவது பன்மைதான். பேச்சில் "வீடு நெறைய இருக்கு", "பைப்பு எல்லாம் ஒடஞ்சிருச்சு" என்று வினை ஒருமையிலேயே ஓடும். எழுத்தில் "வீடுகள் உள்ளன", "குழாய்கள் உடைந்துவிட்டன". "வீடுகள் உள்ளது" என்று எழுதிவிட்டு மேலே போவது படித்தவர்களுக்கும் சகஜம்.

எழுதி முடிச்சாச்சு. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துடலாமா?

முதலில் அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள். எழுத்துத் தமிழில் வேகமாகப் படித்தால் அவர் "சரி சரி" என்றுதான் சொல்வார், அதனால் ஒவ்வொரு வரியையும் மறுபடி பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். நீங்களாகச் சேர்த்தது ஏதாவது இருந்தால் அங்கே தடுப்பார்: "நாலு புள்ள இல்லடா, மூணுதான், ஒண்ணுக்குக் காய்ச்சல்." மனுவில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான், விசாரணைக்கு வந்தால் பதில் சொல்லப்போவதும் அவர்தான்.

பிறகு இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது விநியோகச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஒன்றிய அலுவலகத்தில் நகரவில்லையென்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அங்கே பெறுநர் மாவட்ட ஆட்சித் தலைவர், பார்வையில் இந்த மனுவின் தேதி, இணைப்பில் முத்திரை வாங்கிய பிரதியின் நகல். 1100 என்ற முதலமைச்சர் உதவி மைய எண்ணில் பேசுவதாக இருந்தாலும் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் கேட்கும் ஊராட்சி, ஒன்றியம், தேதி எல்லாம் அதிலேயே இருக்கும்.